ரைசிங் த்ரீ மெத்தட்ஸ், ஃபாலிங் த்ரீ மெத்தட்ஸ்: எதை எப்போது நம்பலாம்?

பங்கின் விலையை வரைபடமாகக் காட்டும் ஜப்பானிய கேண்டில் முறையில் வந்த இந்த இரண்டு வடிவங்களும், ஓடிக்கொண்டிருக்கும் போக்கு சற்று இளைப்பாறிவிட்டு அதே திசையில் தொடரும் என்றே சொல்கின்றன. ஏறுமுகத்தில் ஒரு நீண்ட பச்சை கேண்டில், அதன் எல்லைக்குள்ளேயே இறங்கும் மூன்று சிறிய கேண்டில்கள், முதல் கேண்டிலின் முடிவு விலையைத் தாண்டி முடியும் இன்னொரு நீண்ட பச்சை கேண்டில் என்று அமைந்தால் அது ரைசிங். இறங்குமுகத்தில் இதே அமைப்பு தலைகீழாக வந்தால் அது ஃபாலிங். ஆனால் இரண்டையும் ஒரே கண்ணால் மதிப்பிடுவது தவறு என்பது என் கருத்து.

ரைசிங்கை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். முதல் நாள் 400 ரூபாயில் தொடங்கி 420-ல் முடிகிறது. அன்றைய உச்சம் 422, தாழ்வு 398. அடுத்த மூன்று நாள்களில் விலை மெல்ல இறங்கி 411 வரை வருகிறது. முதல் கேண்டிலின் உடலில் பாதியான 410-ஐக்கூட அது தொடவில்லை என்பதால், விற்பவர்கள் லாபத்தை எடுத்தார்களே ஒழிய போக்கைத் திருப்பும் வலு அவர்களிடம் இல்லை என்று கொள்ளலாம். இறக்கம் 402 வரை போயிருந்தால், எல்லைக்குள்தான் இருக்கிறது என்றாலும், நான் அந்த வடிவத்தை நம்பமாட்டேன்.

ஐந்தாம் நாள் 421-ல் முடிந்தால் இலக்கணம் நிறைவேறிவிடுகிறது. ஆனால் 422 என்ற உச்சத்தில் நின்ற விற்பனை இன்னும் தீரவில்லை. 428-ல் முடிந்து, முதல் நாளிலும் ஐந்தாம் நாளிலும் வால்யூம் பெருகி, நடுவில் அது வற்றியிருந்தால்தான் வடிவம் தரமானது. நடு நாள்களில் வால்யூம் கூடியிருந்தால், யாரோ பெரிய அளவில் விற்று வெளியேறுகிறார்கள் என்ற ஐயம் எழ வேண்டும்.

ஃபாலிங்கில் வால்யூம் அளவுகோலைச் சற்றுத் தளர்த்தலாம், ஏனெனில் வாங்க ஆள் இல்லாமல் போனாலே விலை சரிந்துவிடும். ஆனால் நடுவில் வரும் ஏற்றத்தைக் கடுமையாகப் பார்க்க வேண்டும். விலை இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாத பங்கை விற்று ஷார்ட் போனவர்கள் பதறி வாங்கும்போது விலை திடீரென எழும்புவதால், நடு கேண்டிலின் உடலுக்கு மேலே நீளும் நிழல் முதல் கேண்டிலின் உச்சத்தைக் குத்திவிட்டுத் திரும்புவது உண்டு. அங்கே ஸ்டாப் லாஸ் வைத்தவர்கள் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். இந்தியப் பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் சாதாரண முதலீட்டாளர் ஷார்ட்டை மறுநாளுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. ஃப்யூச்சர்ஸோ புட் ஆப்ஷனோதான் வழி. பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு ஃபாலிங் வெளியேறச் சொல்லும் குறிப்பாகவே அதிகம் பயன்படும்.

இரண்டிலும் ஐந்தாம் கேண்டில் முடிந்த பிறகே நுழைய முடியும் என்பதால் ஸ்டாப் தூரமாகிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் 428-ல் வாங்கி 411-க்குக் கீழே ஸ்டாப் வைத்தால் பங்குக்கு 17 ரூபாய்க்கு மேல் பணயம். அடுத்த தடை 440-ல் இருந்தால் கிடைக்கக்கூடிய லாபம் 12 ரூபாய்தான். வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வர்த்தகத்தை விட்டுவிட வேண்டும்.