முகப்புப் படம்: முழுத் தலைப்பா, இரண்டே சொல்லா, வெறும் படமா?

இணைப்பைப் பகிரும்போது தெரியும் முகப்புப் படத்துக்கு வழக்கமான அளவு 1200×630 பிக்சல். வடிவமைக்கும்போது அது கணினித் திரை முழுக்க விரிந்து நிற்கும். வாசகர் பார்ப்பது அந்த அளவில் அல்ல. ஃபேஸ்புக் ஓடையில், கைப்பேசியின் அகலத்தில், அது ஏறத்தாழ 360 பிக்சலாகச் சுருங்குகிறது. வாட்ஸ்அப் சில நேரம் பெரிய படமாகக் காட்டும். சில நேரம் நடுப்பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி, கட்டைவிரல் நக அளவில் ஓரத்தில் வைக்கும். அந்தச் சதுரத்தை 80 பிக்சல் என்று வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு: ‘மழைக்காலத்தில் மாடித்தோட்டத்தில் வேர் அழுகலைத் தடுப்பது எப்படி?’

முதல் வழி, தலைப்பை அப்படியே படத்தில் எழுதுவது. 60 பிக்சல் எழுத்தில் மூன்று வரிகளில் அடங்கிவிடும். ஃபேஸ்புக்கில் அது 18 பிக்சலாகி, சிரமமில்லாமல் படிக்க வரும். சதுரத்தில்தான் சிக்கல். நடுவில் உள்ள 630 பிக்சல் மட்டும் மிஞ்சுவதால், இரு புறமும் 285 பிக்சல் போய்விடுகிறது. ‘மழைக்காலத்தில் மாடித்தோட்டத்தில்’ என்ற வரி தலையும் வாலும் இல்லாமல் நிற்கும். மிஞ்சிய எழுத்தும் 8 பிக்சலுக்குக் கீழே இறங்கிவிடும். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. எழுத்துயரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கே உள்ள அது, இந்த அளவில் ஒரு பிக்சல்கூட இல்லை. ‘த்’ எது, ‘த’ எது என்று தெரியாது. திரை எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் கண்ணுக்குப் படும் அளவு அதேதான். அதோடு, அதே தலைப்பை ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் படத்தோடு தனியாகக் காட்டுகின்றன. ஸ்டேட்டஸ் போல இணைப்பில்லாமல் படம் மட்டும் தனியே போகும் இடத்துக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சாரமான இரண்டு சொற்களைப் பெரிதாக வைப்பது. இங்கே ‘வேர் அழுகல்’. எழுத்து 130 பிக்சல். ‘வேர்’ ஒரு வரி, ‘அழுகல்’ அடுத்த வரி. ‘அழுகல்’ ஏறத்தாழ 500 பிக்சல் அகலம் பிடிக்கும், நடுச் சதுரத்துக்குள் ஓரம் விட்டு உட்காரும். 80 பிக்சலுக்குச் சுருக்கினாலும் எழுத்து 16 பிக்சலுக்கு மேல் இருக்கும், புள்ளியும் தெரியும். மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.3 மடங்காவது வையுங்கள். அப்படி வைத்தால் இரண்டு வரிக்கும் சேர்த்து சுமார் 340 பிக்சல் உயரம், அதாவது பாதிக்குச் சற்று மேல். அந்தப் பாதி மேல்பாதியாக இருக்கட்டும்: எக்ஸ் தளம் இணைப்பின் தலைப்பைப் படத்தின் கீழோரத்தில் ஏற்றி வைக்கிறது, யூடியூப் சிறுபடமானால் கீழே வலது மூலையில் காணொளி நேரம் உட்காரும்.

இந்த வழி கெடுவது பெரும்பாலும் தடிமனில். ‘பெரிதாகத் தெரியட்டும்’ என்று எழுத்துருவின் ஆகத் தடித்த வகையான பிளாக்கைத் தேர்ந்தால் ண, ஞ, இ போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டு, சுருங்கும்போது மைத்துளியாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழிலோ முக்த மலரிலோ போல்டு போதும். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுப்பதையும் தவிர்க்கலாம்: 6 பிக்சல் கோடு சதுரத்தில் ஒரு பிக்சலுக்கும் குறைந்து மங்கலாகும். எழுத்துக்குப் பின்னால் ஒரே நிற அடர்பட்டை வைப்பதே உறுதி. பச்சைமேல் சிவப்பு வேண்டாம். ஜேபெக் பொதுவாக நிற வேறுபாட்டை வெளிச்ச வேறுபாட்டைவிடக் குறைந்த துல்லியத்தில் சேமிப்பதால் விளிம்புகள் ஒன்றில் ஒன்று கசியும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தும் எழுத்து பளிச்சென்று நின்றால் நிறத்தேர்வு சரி.

மூன்றாவது, எழுத்தே இல்லாத படம். கட்டுரைப் பொருள் கண்ணால் பார்த்ததும் பிடிபடுவதானால் இதுதான் ஆகச் சிறந்தது. ஆனால் இருபது தொட்டிகள் நிற்கும் மாடியின் முழுப்படம் 80 பிக்சலில் பச்சைக் கறைதான். ஒரு செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வெள்ளை வேரும் கறுத்த வேரும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி, நடுச் சதுரத்தில் பாதியாவது நிறைய அருகிலிருந்து எடுத்தால் எழுத்தே தேவையில்லை. வருமான வரி போன்ற பொருளுக்கு இது உதவாது. நாணயக் குவியல் படம் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் என்பதால் எதையும் சொல்வதில்லை.

ஆகவே என் வரிசை: படமே பேசினால் மூன்றாவது, இல்லையென்றால் இரண்டாவது. எதுவானாலும் பதிவேற்றுமுன் ImageMagick நிரலின் இந்தக் கட்டளையால் சதுரச் சோதனை செய்யுங்கள்:

```
magick og.jpg -gravity center -crop 630x630+0+0 +repage -resize 80x80 test.png
```

test.png-ஐப் பெரிதாக்காமல் பார்த்து, தலைப்பு தெரியாத ஒருவரிடம் என்ன புரிகிறது என்று கேளுங்கள். பதிவேற்றியபின் படத்தைத் திருத்தினால் கோப்பின் பெயரையும் மாற்றி, முகப்புப் படத்தைக் குறிக்கும் og:image குறிச்சொல்லில் புதுப் பெயரைக் கொடுங்கள். ஃபேஸ்புக்குக்கு Sharing Debugger பக்கத்தில் Scrape Again அழுத்துங்கள். இல்லையென்றால் சேமிப்பில் கிடக்கும் பழைய படமே தொடர்ந்து வரும்.