லண்டன் வீட்டுக்கு மரண சாதனம் எழுதப் போறவை, முதல்ல இதை வாசியுங்கோ

கோவத்தில எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. கொழும்பில "வெளிநாட்டுச் சொத்து ஆவணங்கள் செய்து தரப்படும்" எண்டு போர்ட் போட்ட ஒரு அலுவலகத்துக்கு அப்பா 2,85,000 ரூபா கட்டினவர். அந்தக் காசுக்கு எங்களுக்குக் கிடைச்சது, அந்த வீட்டுக்கு ஒரு சதத்துக்கும் உதவாத மரண சாதனம்.

அப்பா லண்டனில வேலை செய்த காலத்தில, 2011இல, சித்தப்பாவோட சேர்ந்து ஹரோவில ஒரு வீடு வாங்கினவர். கைக்காசில அப்பா போட்டது 90,000 பவுண், சித்தப்பா 30,000. பிறகு வெள்ளவத்தைக்கு வந்திட்டார். இருதய வருத்தம் வந்த பிறகு, தன்ர பங்கு அம்மாவுக்குப் போகவேணும் எண்டு நிண்டவர்.

அந்த அலுவலகத்தில இருந்த ஐயா நல்லாத்தான் கதைச்சவர். அப்பா வீடு வாங்கின நேரத்து TR1 பத்திரத்தின்ர பிரதியை மேசையில வச்சு, "தம்பி, இதையும் ஒருக்கா பாருங்கோ" எண்டார். அவர் அதைப் பிரட்டிக்கூடப் பாக்கேல்ல. துளை போட்டு நீலக் கோப்பில கோர்த்தார். "அங்கிள், இதெல்லாம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. மரண சாதனம் எழுதினா எல்லாம் சரி." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அப்பா நிம்மதியா நித்திரை கொண்டவர்.

அப்பா போயிட்டார். லண்டனில ஒரு சொலிசிட்டரிட்ட காட்டினம். அவ கேட்டது முதல்ல TR1. பத்தாவது கட்டத்தைப் பாக்கச் சொன்னா. அங்க மூண்டு பெட்டி இருக்கும்: ஜொயின்ட் டெனன்சி, சம பங்கில டெனன்சி இன் கொமன், இல்லாட்டி வேற விதமா எழுதுற இடம். எங்கட பத்திரத்தில முதல் பெட்டியில ஒரு சின்ன X. அவ்வளவுதான், வீடு முழுக்கச் சித்தப்பான்ர.

இங்க எங்கட உறுதிகளில "பிரிபடாத அரைப்பங்கு" எண்டு இருக்கும். ஆள் செத்தா அந்த அரை அவற்ற வாரிசுக்கு வரும். இங்கிலாந்தில டெனன்சி இன் கொமன் எண்டா அதே மாதிரித்தான், பங்கை எழுதியும் வைக்கலாம், எழுதாட்டியும் வாரிசுக்குப் போகும். ஜொயின்ட் டெனன்சியில தனிப் பங்கே இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து முழு வீட்டுக்கும் சொந்தக்காரர், ஒராள் செத்தா மற்றவருக்கு அந்த நிமிசமே முழுக்கப் போயிடும். இல்லாத பங்கை மரண சாதனத்தில எப்பிடி எழுதுறது?

வயித்தெரிச்சல் என்னெண்டா, அப்பா உயிரோட இருக்கேக்க இதைச் சும்மா மாத்தியிருக்கலாம். "நான் கூட்டுரிமையைப் பிரிக்கிறன்" எண்டு சித்தப்பாவுக்கு ஒரு எழுத்து அறிவித்தல். அவர் சம்மதிக்கவும் தேவையில்லை. பிறகு அந்த அறிவித்தலோட SEV படிவத்தை இங்கிலாந்துக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேணும். அதுக்குக் கட்டணமே இல்லை. இலவசமா செய்யக்கூடியதைச் சொல்லாமல் 2,85,000 வாங்கியிருக்கினம்! அப்பா கூடப் போட்டவர்தானே எண்டு சொலிசிட்டரிட்ட கேட்டன். முதல் பெட்டியில X போட்டபடியால், பிரிச்சிருந்தாலும் அரைக்கு அரைதானாம், போட்ட காசைப் பாக்க மாட்டினமாம். அந்த அரையாவது அம்மாவுக்கு வந்திருக்கும்.

அலுவலகத்துக்கு எடுத்தா "சேர் மீட்டிங்கில". வாட்ஸ்அப்பில ரெண்டு நீல ரிக், பதில் இல்லை. நேர போனா அதே நீலக் கோப்பை எடுத்து, "எங்கட வேலை மரண சாதனம் எழுதுறது, வீடு எப்பிடி வாங்கினது எண்டு பாக்கிறது இல்லையே" எண்டார். X போட்ட தாள் அவற்ற கையிலயே இருக்கு! காசைத் திருப்பிக் கேட்டா, "எழுதின வேலை முடிஞ்சுது தானே, மிஸ்." சித்தப்பாவுக்கு இப்ப ஞாபகமே இல்லை. அவற்ற மகன் "அக்கா, சட்டம் அப்பிடித்தானே" எண்டு போனை வச்சிட்டான்.

நிறைய எழுத நினைச்சன், ஏலாமல் இருக்கு. அங்க ஆரோடயும் சேர்ந்து வீடு இருக்கிறவை காணிப் பதிவகத்தில வீட்டுப் பதிவேட்டின்ர பிரதியை எடுங்கோ. உரிமையாளர் பகுதியில, தனி ஒரு உரிமையாளர் வித்துக் காசு வாங்கினா நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பதியக்கூடாது எண்ட கட்டுப்பாடு இருந்தா, டெனன்சி இன் கொமன். இல்லாட்டி அநேகமா ஜொயின்ட், TR1ஐத் தேடுங்கோ. பிரிக்கிறதெண்டா ஆள் உயிரோட இருக்கேக்கதான், மரண சாதனத்தில எழுதி அது பிரியாது. அறிவித்தலைப் பதிவுத் தபாலில அனுப்பி, ரசீதை வச்சிருங்கோ. TR1ஐ வாசிக்காமல் காசு கேக்கிற ஆருக்கும் ஒரு ரூபாவும் குடுக்காதேங்கோ. எங்கட 2,85,000 போனது போனதுதான், ஆனா இந்த அலுவலகத்திட்ட இப்பவும் ஆக்கள் வரிசையில இருக்கினம்.