ரகசியம் கசியலாம்: குழாய்க் கடைக்கான மூன்று வாசகங்கள்

குழாய்ச் சாமான் கடையின் பலகைக்கு நகைச்சுவை வாசகம் தேடுவோர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “நீங்களே சரிசெய்து பார்த்தீர்களா? இனி எங்களிடம் வாருங்கள்.” படித்தவுடன் சிரிப்பு வருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு இலக்காகிறவர், குழாயைத் தாமே கழற்றிப் பார்த்துவிட்டுக் கையில் தேய்ந்த வாஷருடன் கடைப்படி ஏறுகிறவர். உதிரிகளைச் சில்லறையாக வாங்க வருகிறவர்களில் அவரும் முக்கியமானவர் என்பதால், இந்த வாசகம் கடைக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது வாசகம்: “ரகசியம் கசியலாம், குழாய் கசியக் கூடாது.” இதில் யாரும் கேலிக்கு ஆளாவதில்லை, குழாய்கூடத் தப்பிவிடுகிறது. “ரகசியம்” என்ற சொல்லுக்குள்ளேயே “கசிய” ஒளிந்திருப்பது, காதில் சற்று மாறி ஒலித்தாலும், பலகையில் எழுத்தாகப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். ஐந்தே சொற்கள் என்பதால் வண்டியில் கடந்து செல்பவரும் படித்து முடித்துவிடுவார். இதையே “எங்கள் குழாய் கசியாது” என்று மாற்றினால் வேடிக்கை குறைவதோடு, கடைக்காரர் காக்க முடியாத வாக்குறுதியாகவும் ஆகிவிடும். ஏனெனில் நல்ல குழாயை வாங்கிச் சென்றாலும், டெப்லான் டேப்பை மரை திரும்பும் திசைக்கு எதிராகச் சுற்றினால், முடுக்கும்போது அது சுருண்டு விலகி, இணைப்பில் நீர் கசியக்கூடும். “கூடாது” என்பது விருப்பம். “கசியாது” என்பது உத்தரவாதம்.

மூன்றாவது, முதல் வாசகத்தையே திருத்தியதால் கிடைத்தது. குழாய்ச் சாமான்களின் பெயர்கள் பலருக்குத் தெரியாது. “வளைவாக இருக்குமே, அது” என்று விரலால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். அந்தத் தடுமாற்றத்தைச் சொல்லிச் சிரிப்பது எளிது, ஆனால் அப்போது சிரிப்பு மறுபடியும் வாடிக்கையாளர் மீதே விழுகிறது. எனவே வேலையைக் கடைக்காரர் தலையில் ஏற்றினேன்: “பழைய உதிரியைக் கொண்டு வாருங்கள், பெயர் சூட்டும் பொறுப்பு எங்களுடையது.” இதில் வேடிக்கையோடு ஒரு பயனும் உண்டு. அரை அங்குலமா முக்கால் அங்குலமா, மரை உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதை வாயால் விளக்குவதைவிட, பழைய உதிரியையே காட்டுவது தவறான அளவை வாங்கிச் சென்று திரும்ப வரும் அலைச்சலைக் குறைக்கும்.

ஆயினும் இது நீளமானது; தெருவிலிருந்து படிப்பவருக்குப் பாதியிலேயே கடை கடந்துவிடும். ஆகவே வாசல் பலகைக்கு இரண்டாவதையும், பொருள் எடுத்துத் தரும் வரை வாடிக்கையாளர் நின்று காத்திருக்கும் மேசையின் முன்பக்கத்துக்கு மூன்றாவதையும் எழுதச் சொல்வேன்.