பேட்ச் குரூப்பா, முகம் தெரியாத சீனியரா?

வேலை மாற நினைப்பவர்கள் முதலில் செய்வது, கல்லூரி பேட்ச் வாட்ஸப் குரூப்பில் ரெஸ்யூமேவைப் போட்டு "ஓபனிங் இருந்தா சொல்லுங்கடா" என்பது. இன்னொரு வழி, ஐந்தாறு வருடம் மூத்த, நேரில் பார்த்தே இராத ஒரு சீனியரைத் தேடிப் பிடித்துக் கால் மணி நேரம் பேசுவது. சென்னை, கோவை ஐடி வேலைகளைப் பொறுத்தவரை, விளம்பரத்துக்கு வராத ஓபனிங் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

காரணம் நோட்டீஸ் பீரியட். இங்கே பல கம்பெனிகளில் அது 60 அல்லது 90 நாள். ஒருவர் திங்கட்கிழமை பேப்பர் போட்டால் அன்று மாலையே டீமுக்குத் தெரிந்துவிடும், ஆனால் அந்த இடத்தை நிரப்ப அனுமதி வாங்கி, உள்ளேயே யாராவது வருகிறார்களா என்று பார்த்து, ரெஃபரல் கேட்டு, அப்புறம்தான் நௌக்ரி மாதிரி தளங்களில் போடுவார்கள். குரூப்புக்கு வரும் லிங்க் அநேகமாக அந்தக் கடைசிக் கட்டத்தது. போதாததற்கு பேட்ச்மேட்டுக்கும் உங்கள் அளவு அனுபவம்தான், அவர் காதுக்கு வருவது ஏற்கெனவே உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நெருங்கியவர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வருகிறது என்று அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார்.

சீனியரைத் தேட லிங்க்ட்இனில் கல்லூரிப் பக்கத்தில் இருக்கும் பழைய மாணவர் பகுதி போதும், ஊரையும் கம்பெனியையும் வைத்து வடிகட்டலாம். டைரக்டரை விட்டுவிடுங்கள், உங்கள் வேலையையே செய்கிற லீட் அளவு ஆள்தான் வேண்டும். கோவையில் மூன்று வருடம் டெஸ்டிங் பார்த்தவர் என்றால் இப்படி எழுதலாம்: "அண்ணா, நானும் நம்ம காலேஜ் இசிஇ. மேனுவல் டெஸ்டிங்ல இருந்து ஆட்டோமேஷனுக்கு மாறப் பார்க்கிறேன். உங்க டீம்ல என்ன டூல் பயன்படுத்துறீங்கன்னு பதினைந்து நிமிஷம் பேச முடியுமா?" ரெஃபரல் என்ற பேச்சையே இதில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கரியர்ஸ் பக்கத்து லிங்க் பதிலாக வரும், கதை முடிந்தது. போனில் பேசும்போது, வேலை விஷயம் ஓடியபிறகு, "உங்க பக்கத்துல யாராவது பேப்பர் போட்டிருக்காங்களாண்ணா?" என்று சாதாரணமாகக் கேட்கலாம்.

"ரெஸ்யூமே அனுப்பு, பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. "உனக்கு நோட்டீஸ் எத்தனை நாள்?" என்று அவரே கேட்டால் இடம் இருக்கிறது. அதுவரை அந்தக் கம்பெனி தளத்தில் நீங்களாக அப்ளை செய்யாதீர்கள், ஏனென்றால் பல இடங்களில் ஏற்கெனவே பதிவான பெயரை சில மாதங்களுக்கு ரெஃபர் செய்ய முடியாது.

ஃப்ரெஷர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர்களை மொத்தமாக எடுக்கிறார்கள், வாக்-இன் தேதி குரூப்பில்தான் வேகமாக வரும், சீனியருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.