குடித்த இரவில் எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்?

கும்பகோணமோ மன்னார்குடியோ, மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்குபவர்கள் “இதைப் போட்டுக்கிட்டுக் குடிக்கலாமாண்ணே?” என்று கேட்பது சகஜம். தூக்க மாத்திரை வாங்கும்போது அந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வரும். பயம் தப்பான மாத்திரை மேல் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், மதுவோடு சேர்ந்து அன்றிரவே உயிரை எடுக்கக்கூடியது தூக்க மாத்திரைதான்.

ஆன்டிபயாட்டிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போட்டவர் குடித்தால் உடம்பு தேற நாளாகும்; உயிருக்கு ஆபத்தான மோதல் எதுவும் நடப்பதில்லை. மெட்ரோனிடசோல் வேறு. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும் என்று எச்சரிக்கிறார்கள். எல்லா ஆய்விலும் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் மாத்திரை முடிந்து 3 நாள் வரை மதுவைத் தொடாமல் இருப்பதே நல்லது. சேற்றில் இறங்கி நடவு செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். நெடுநாள் குடிப்பவர் உடம்பிலிருந்து அந்த மருந்து சீக்கிரமே வெளியேறிவிடும், வேலை குறையும். இதைவிட மோசம், குடிப்பதற்காக அன்றைய மாத்திரையை விட்டுவிடுவது. தினமும் நிறையக் குடிப்பவர் மாத்திரைக்காகத் திடீரென நிறுத்தினாலும் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அவர் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வலி மாத்திரையில் கவனம் கொஞ்சம் கூட வேண்டும். அறுப்பு முடிந்து இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போட்டுவிட்டுக் குடித்தால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கல்லீரலைப் பதம் பார்க்கும். தினமும் குடிப்பவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று. பல கூட்டு வலி மாத்திரைகளிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிரமடால் இந்த வரிசையிலேயே சேராது. அது மூச்சை அமுக்கும் இனம், வலிப்பையும் கொண்டுவரும். தூக்க மாத்திரையோடு வைத்துப் பார்க்க வேண்டியது.

இனி தூக்க மாத்திரை. மதுவும் அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம் போன்றவையும் மூளையில் ஒரே பிரேக்கைத்தான் மிதிக்கின்றன. தனியாக 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் போட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான். மதுவும் கூடும்போது தூக்கத்தைத் தாண்டி, மூச்சு விடச் சொல்லும் பகுதியும் மந்தமாகிறது. வாந்தி வந்தால் இருமி வெளித்தள்ளும் அனிச்சைச் செயலும் போய்விடும்.

“குடிச்சு மூணு மணி நேரம் ஆச்சே, இப்ப போடலாம்” என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும் கணக்கு. 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ராத்திரி 8 மணிக்குக் குவார்ட்டர் அடித்தவர் தூக்கம் வராமல் 11 மணிக்கு அல்பிரசோலம் போடுகிறார் என்று வையுங்கள். அப்போது மதுவில் பாதிக்கு மேல் இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. மாத்திரையின் உச்சம் ஒன்றிரண்டு மணி நேரத்தில், வீடே உறங்கும் நள்ளிரவில் வரும். மறுநாள் காலையிலும் அந்த மருந்தில் பாதி ரத்தத்தில் நிற்கும். டயசிபாம் நாள் கணக்கில் தங்கும். அதற்கு இடைவெளி விட்டுத் தப்பிக்கும் வழியே இல்லை. குடி நிறுத்தச் சிகிச்சைக்குக் கொடுக்கும் குளோர்டயசிபாக்சைடும் இதே இனம்தான். அதைப் போட்டுக்கொண்டே மறைவில் குடிப்பவர் நிலைமை ரொம்ப ஆபத்து.

குடித்த இரவில் இந்த மாத்திரையை எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் போட்டு வருபவர் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, அதுவும் வலிப்பில் முடியலாம்.

இரண்டும் உள்ளே போய்விட்டால், வீட்டில் ஏமாறுவது குறட்டையில். ‘நல்லாத் தூங்குறார்’ என்று விட்டுவிடுவார்கள். தட்டிக் கூப்பிட்டு எழுந்து பதில் சொல்கிறாரா பாருங்கள். எழவில்லை, நிமிடத்துக்கு மூச்சு 8-க்குக் கீழ், அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி, உதடு நீலம், களகளவென்ற குறட்டை: இதில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முகம் சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை காலியாகியிருக்கிறது என்பதை டாக்டர் முதலில் கேட்பார்.