அம்மாவோட ப்ளேட்லெட் 29,000 இல்ல, ரெண்டேகால் லட்சம் (செங்கோட்டை பயணம்)

சாரல் சீசன்ல ஒரு மாசம் லீவு கிடைச்சு குவைத்ல இருந்து ஊருக்கு வந்தேன், அம்மாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் இருந்துச்சு. நான் அங்க ஆஸ்பத்திரி லேப்லதான் வேலை பாக்கேன், தினமும் ரத்த எண்ணிக்கை மிஷின் முன்னாடிதான் நிக்கேன், அதனால இத எழுதணும்னு தோணுச்சு.

ஆபரேஷனுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்க ஒரு லேப் பையன் காலைல 7 மணிக்கு வீட்டுக்கு வந்தான். அம்மாவுக்கு நரம்பு கிடைக்கல, மெல்லிசு ஊசி வச்சு சிரிஞ்சுல மெதுவா இழுத்து, அதே ஊசி வழியா ஊதா மூடி ட்யூப்புக்குள்ள அழுத்தி விட்டான், ட்யூப்ப குலுக்காம பையில போட்டுட்டு இன்னும் நாலு வீட்டுக்கு போயிட்டான். மத்தியானம் ரிப்போர்ட் வந்துச்சு, ப்ளேட்லெட் 42,000, வெள்ளை அணு 13,800. மறுநாள் அதே மாதிரி எடுத்ததுல 29,000. டாக்டர் ஆபரேஷன தள்ளி வச்சுட்டாரு. டெங்குவா இருக்குமோன்னு ஒருத்தர், மஜ்ஜை டெஸ்ட் பண்ணணும்னு இன்னொருத்தர், மைனி அன்னைக்கு ராத்திரியே ஆரியங்காவு வழியா திருவனந்தபுரம் கூட்டிட்டு போயிரலாம்னு அழ ஆரம்பிச்சுட்டா.

எனக்கு இடிச்சது என்னன்னா அம்மாவுக்கு காய்ச்சல் இல்ல, ஈறுல ரத்தம் இல்ல, கால்ல ஒரு சிவப்பு புள்ளி கூட இல்ல. முதல்ல எடுத்த விதத்ததான் சந்தேகப்பட்டேன். சிரிஞ்சுல ரத்தம் நின்னா உறைய ஆரம்பிச்சிரும், ப்ளேட்லெட் அந்த சின்ன கட்டிக்குள்ள போயிரும். ஊசி வழியா அழுத்துனா சிவப்பணுவும் உடையும், அப்ப சிவப்பணு எண்ணிக்கை குறையும், ஆனா வெளிய கசிஞ்ச ஹீமோகுளோபின மிஷின் சேத்தே அளக்கும், அதனால சிவப்பணுவுக்குள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு சொல்ற எம்.சி.எச்.சி 36-க்கு மேல ஏறி நிக்கும். அம்மாவோடது 33, சரியாதான் இருந்துச்சு. அப்ப ரத்தம் பெருசா உடையல, கட்டியாதான் இருக்கணும்.

லேபுக்கே நேர்ல போனேன். டெக்னீசியன் பொண்ணு பொறுமையா மிஷின்ல பழைய ரிசல்ட்ட எடுத்து காட்டுனாங்க, ஸ்க்ரீன்ல `PLT Clumps?`ன்னு எச்சரிக்கை இருந்துச்சு, ப்ரிண்ட்ல அது வரல. ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தோம், பூச்சு மெலிஞ்சு முடியுற ஓரத்துல ப்ளேட்லெட் பத்து இருபதா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, திராட்சை கொத்து மாதிரி கிடந்துச்சு. மிஷின் அளவ வச்சுதான் எண்ணும், கொத்து முழுசையும் ப்ளேட்லெட்னு எண்ணாது, பெரிய கொத்த வெள்ளை அணுன்னு கூட சேத்துக்கும். வெள்ளை அணு 13,800 வந்தது அதனாலதான்.

சரி, எடுத்த விதமா, ரத்தம் உறையாம இருக்க ட்யூப்ல போட்டிருக்க மருந்தான்னு பிரிக்கணும்ல. அம்மாவ கூட்டிட்டு வந்து நானே ஒரே குத்துல ரெண்டு ட்யூப் எடுத்தேன், முதல்ல சிட்ரேட்ங்கிற வேற மருந்து இருக்க நீல மூடி ட்யூப், அதுல கோடு வரைக்கும் ரத்தம் நிறையணும், அப்புறம் ஊதா. ஊதாவ எட்டு பத்து தடவ மெதுவா கவிழ்த்து நிமித்தினேன். அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஓட்டுனப்ப ஊதாவுல 1,60,000. அதே ட்யூப்ப ரெண்டு மணி நேரம் மேசைல வச்சு திரும்ப ஓட்டுனா 44,000! நல்லா எடுத்தும் நேரம் ஆக ஆக இறங்குது, அப்ப பையன் மேல மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஊதா ட்யூப்ல இருக்க இ.டி.டி.ஏங்கிற மருந்து ரத்தத்துல உள்ள கால்சியத்த பிடிச்சுக்கும், அப்ப சிலரோட ப்ளேட்லெட் மேல ஒரு இடம் வெளிய தெரியும், அவங்க ரத்தத்துல ஏற்கனவே இருக்க ஆன்டிபாடி அதுல ஒட்டி எல்லாத்தையும் சேத்து கட்டிரும். உடம்புக்குள்ள இது நடக்காது, ட்யூப்ல மட்டும்தான், ஆறுனா இன்னும் கூடும். ஆயிரத்துல ஒருத்தருக்கு இருக்கலாம்.

சிட்ரேட் ட்யூப்ல 2,05,000 வந்துச்சு. அதுல ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் ஏற்கனவே இருக்கு, அதனால 1.1-ஆல பெருக்கணும், 2,25,500. இத பெருக்காம ரிப்போர்ட் குடுத்தா அதுவும் தப்பு. வெள்ளை அணுவும் பெருக்குனப்புறம் 7,800தான். சிலருக்கு சிட்ரேட்லயும் கட்டும், அப்ப எடுத்த உடனே ஓட்டி ஸ்லைட பாத்துதான் மதிப்பு சொல்ல முடியும்.

சர்ஜன் ரெண்டு ரிப்போர்ட்டையும் ஸ்லைடு குறிப்பையும் வாங்கி பாத்தாரு, மறுவாரம் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு, ப்ளேட்லெட் ஏத்தவே இல்ல. நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அட்டைல "ஊதா ட்யூப்ல ப்ளேட்லெட் கட்டும், சிட்ரேட்லயும் எடுக்கவும், ஸ்லைடு பாக்கவும்"னு பெருசா எழுதி, அம்மா பிரஷர் மாத்திரை வைக்கிற டப்பா மூடிக்குள்ள ஒட்டிட்டு வந்தேன், எங்க போனாலும் அந்த டப்பாவ அம்மா விடமாட்டாங்க.