ஆறு வருடம் பாவித்த ஓய்வுகாலக் கணக்குத் தாள்

போன கிழமை உப்புவெளியில் ஒரு நண்பன் காப்புறுதி முகவர் கொடுத்த தாளைக் காட்டி, "மச்சான், 60 வயதில் இரண்டு கோடி வருமாம், சேரட்டுமா?" என்று கேட்டான். அவனுக்கும் என்னைப் போல 35 வயது. 2019 முதல் நான் பாவிக்கும் எக்செல் தாளைத் திறந்து, பணவீக்கம் 6 சதவீதம் என்று வைத்துப் பார்த்தோம். 25 வருடத்தில் விலைகள் 4.3 மடங்காகும். அந்த இரண்டு கோடிக்கு இன்றைய பெறுமதி 47 இலட்சம்கூட இல்லை. மாதம் 80,000 செலவு என்றால் ஐந்து வருடத்துக்குள் முடிந்துவிடும். முகவரின் தாளில் பணவீக்கம் என்ற சொல்லே இல்லை. அது எனக்கு உண்மையாகவே கோபம் தந்தது.

என் தாளில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாத் தொகையும் இன்றைய ரூபாயில் இருப்பது. வட்டியையும் பணவீக்கத்தையும் தனித்தனியாக வளர்க்காமல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் போடுகிறேன். நிலையான வைப்புக்கு 8 சதவீதம் கிடைத்தால் 10 சதவீத வரி பிடித்து 7.2 மிஞ்சும்; பணவீக்கம் 6 போனால் கையில் 1.2தான். சேமலாப நிதி 2022க்கு 9 சதவீதமும் 2023க்கு 13 சதவீதமும் தந்தது. எல்லாவற்றையும் யோசித்து அந்த வித்தியாசத்தை நான் 2 சதவீதம் என்று வைத்திருக்கிறேன்.

என் கணக்கு இது. வீட்டில் இப்போது மாதம் 1,10,000 செலவு. பிள்ளைகளின் டியூசனும் வீட்டுக் கடனும் 60 வயதில் இருக்காது, அதில் 40,000 குறையும். மருந்துக்கு 10,000 கூட்டினேன். ஆக 80,000, வருடத்துக்கு 9.6 இலட்சம். 85 வயது வரை, 2 சதவீதத்தில், இதன் 20 மடங்கு வேண்டும்: 1 கோடி 92 இலட்சம். சம்பளம் ஒரு இலட்சம் என்பதால் சேமலாப நிதிக்கு என்னுடைய 8, கம்பனியின் 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு கம்பனியின் 3 என்று மாதம் 23,000 சேருகிறது. சம்பளம் விலைவாசியோடு கூடினால் 25 வருடத்தில் அது 88 இலட்சமாகும். ஏற்கெனவே இருக்கும் 18 இலட்சம் 30 ஆகும். குறைவது 74 இலட்சம். அதற்கு இந்த ஒரு வரி போதும்:

```
=PMT(0.02,25,0,-7400000)/12
```

19,250 என்று வருகிறது. இன்றைய ரூபாயில் அது. ஆகவே ஒவ்வொரு வருடமும் விலைவாசியோடு இந்தத் தொகையையும் கூட்ட வேண்டும். நான் இப்போது அதில் பாதிதான் போடுகிறேன்.

இதே கணக்கில் 2 சதவீதத்தை 4 ஆக்கினால் அந்த 20 மடங்கும் 16 ஆகக் குறைந்து, பற்றாக்குறையே இல்லை. பூச்சியம் ஆக்கினால் அது 25 மடங்காகி, மாதம் 51,000 வேண்டும். அந்த ஒரு பெட்டியை ஆசைக்கு ஏற்ப மாற்றினால் எந்த விடையும் வரும். நண்பனிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

ஆனால் இத்தனை வருடமாக என்னை அலைக்கழிப்பது வேறு பெட்டி, மாதச் செலவு. 2019இல் 38,000 என்று எழுதி, வருடம் 5 சதவீதம் கூடும் என்று விட்டேன். தாளின்படி 2023இல் அது 46,000 ஆகியிருக்க வேண்டும். இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 தை மாதம் மனைவி எழுதும் சமையலறைக் கொப்பியையும் மின்சார பில்லையும் ஒன்றாக வைத்துக் கூட்டினேன்: 84,000. மீன், பால்மா, காஸ் என்று ஒவ்வொரு வரியிலும் பழைய விலையை வெட்டிப் புது விலை எழுதியிருந்தாள். சில இடத்தில் மூன்று தரம் வெட்டியிருந்தது.

அதே வருட நடுவில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. சரி, இனிப் பழைய கணக்கு பொருந்தும் என்று நினைத்தேன். பொருந்தவில்லை. ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை அநேகமாக அங்கேயே நின்றது. சதவீதத்தைத் திருத்தி ஆகப்போவதில்லை, அடித்தொகையையே மாற்ற வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் கொப்பியைக் கூட்டி அந்தப் பெட்டியில் புதிதாக எழுதுகிறேன். தாள் தானாக வளர்க்கும் தொகையை நான் நம்புவதில்லை.

இவ்வளவு பாராட்டிவிட்டும் என் எக்செல் தாளை நண்பனுக்கு அனுப்பவில்லை. கேட்டான், மறுத்துவிட்டேன். என் 80,000ஐ வைத்துக்கொண்டு அவன் கணக்குப் போட்டால், முகவரின் தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. மூன்று மாதச் செலவை எழுதிக்கொண்டு வா, அப்புறம் பார்ப்போம் என்றேன். முகவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம். நேற்று கொப்பி வாங்கிவிட்டதாகச் சொன்னான்.